கேண்டீன் கமிட்டிக்கு முதல் மனு: எண்ணெயைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டக் கேட்பது எப்படி

மதியச் சாப்பாட்டில் எண்ணெய் மிதக்கிறது, காய் குறைவு, சாப்பிட்டதும் தூக்கம் சொக்குகிறது என்று பேசாத அலுவலகம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இருக்காது. ஆனால் இந்தப் பேச்சு கமிட்டி மேசைக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரே கதிதான். "ஆரோக்கியமான உணவு வழங்க வேண்டும்" என்று யாரோ ஒரு வரி எழுதிக் கொடுப்பார், கமிட்டி "பரிசீலிக்கப்படும்" என்று குறித்துக்கொள்ளும், அடுத்த நாள் அதே உருளைக்கிழங்கு ரோஸ்ட் வரும். அந்த ஒரு வரியில் கமிட்டி செய்வதற்கு எதுவுமே இல்லை என்பதுதான் காரணம். எத்தனை லிட்டர் எண்ணெய், எந்தக் கிழமை எந்தப் பதார்த்தம், கூடுதல் செலவு யார் தலையில் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் சரி என்றோ, இல்லை என்றோ சொல்ல முடியும்.

முதல்முறை மனு எழுதுகிறவர்களுக்காக, என்ன வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். கணக்குக்கு 120 பேர் சாப்பிடும், வாரம் 5 நாள் இயங்கும், சைவச் சாப்பாடு போடும் ஒரு கேண்டீனை வைத்துக்கொள்வோம். விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் கேண்டீன் பில்லில் இருக்கும் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் சோற்றை விட்டுவிடுங்கள்

நார்ச்சத்து என்றதும் பலர் முதலில் கை வைப்பது அரிசியில். பொன்னிப் புழுங்கலை நிறுத்திவிட்டுச் சிறுதானியம் போடுங்கள், மாப்பிள்ளைச் சம்பா போடுங்கள் என்று எழுதுவார்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு ஒருமுறை போய்வந்தால் எனக்குமே அப்படித்தான் எழுதத் தோன்றும். ஆனால் நெல் விளையும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மத்தியானம் சோற்றை மாற்று என்று கேட்டால் அந்தக் கூட்டத்தில் வேறு எதுவும் பேச முடியாது. சமையலறையிலும் சிக்கல் வரும். தீட்டாத அரிசி கூடுதல் நேரம் ஊற வேண்டும், வேக வேண்டும், அதற்கென்று தனி அண்டா வேண்டும். பாரம்பரிய நெல் என்ற பெயரில் வாங்கினாலும் நன்றாகத் தீட்டிய அரிசியாக இருந்தால் தவிடு போயிருக்கும், நாரும் போயிருக்கும்.

கணக்கும் அந்தப் பக்கம் பெரிதாக உதவாது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து. ஒருவருக்கு மதியம் 150 கிராம் அரிசி என்றால் 4 கிராம் சொச்சம். தீட்டாத அரிசிக்கு மாறினால் இதில் 2, 3 கிராம் கூடும். அதே சமயம் தோலோடு இருக்கும் கறுப்புக் கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம். 30 கிராம் கடலையை ஊறவைத்துச் சுண்டலாகப் போட்டால் 7 கிராம் நார் தட்டில் விழுந்துவிடும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 கிராம் என்ற அளவில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொல்கிறது. அதில் கால்வாசியை, சோற்றுப் பக்கமே போகாமல் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் கொடுத்துவிடுகிறது. அதனால் மனுவில் சோறு பற்றிப் பேச்சே வேண்டாம்.

2. ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்குங்கள்

மனுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேண்டீன் ஸ்டோரில் மாதத் தொடக்க இருப்பு, வாங்கியது, மாதக் கடைசி இருப்பு மூன்றும் எழுதியிருப்பார்கள். கமிட்டி உறுப்பினர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு எண்ணெய் வரியை மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் 2 டின், வாங்கியது 8, மீதி 1 என்றால் செலவு 9 டின். டின்னுக்கு 15 லிட்டர் வீதம் 135 லிட்டர். வேலை நாள் 22 என்றால் நாளுக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல். டின்மேல் லிட்டர் போட்டிருக்கிறதா, கிலோ போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும், எனவே 15 கிலோ டின்னில் 16 லிட்டருக்கு மேல் வரும். மனுவைப் படிக்கும் அக்கவுண்ட்ஸ்காரர் இதைப் பிடித்துவிட்டால் மற்ற கணக்கையும் சந்தேகப்படுவார்.

இந்த 6 லிட்டரும் மதியத்துக்கு இல்லை. காலைப் பூரி, சாயங்கால வடை, பஜ்ஜி எல்லாம் இதே டின்னிலிருந்துதான். மதியத்தை மட்டும் பிரிக்க, மாஸ்டரின் சம்மதத்தோடு ஒரு வாரம் அளந்து பார்க்க வேண்டும். காலையில் மதியச் சமையலுக்கான எண்ணெயை ஒரு பாத்திரத்தில் அளந்து ஊற்றித் தனியே வைக்கிறோம். சமையல் முடிந்து, வாணலி எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு வடிகட்டி மீதியை அளக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாப்பாட்டில் கலந்தது. சூடான வாணலியைத் தூக்கித் தராசில் வைக்கும் வேலையே வேண்டாம்.

இப்படி அளக்கும்போது இன்னொன்றும் வெளியே வரும். அப்பளம் பொரித்த மீதி எண்ணெய் மறுநாள் குழம்புத் தாளிப்புக்குப் போகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை இரண்டு நாளும் எழுதினால் கணக்கு இரட்டிப்பாகும், எழுதாமல் விட்டால் குறையும். மீதியை எந்த நாளில் கழித்தீர்கள், எந்த நாளில் சேர்த்தீர்கள் என்று தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. ஆனால் இந்த மனுவில் அதை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது குற்றச்சாட்டுப் போலப் படும். மாஸ்டர் எதிரணிக்குப் போய்விட்டால் எண்ணெய் எந்த வழியிலும் குறையாது.

நம் எடுத்துக்காட்டில் ஒரு வார அளவு இப்படி வருகிறது என்று கொள்வோம். திங்கள், புதன், வெள்ளி ரோஸ்ட் நாள்: உருளை, வாழைக்காய், சேனை என்று எதையாவது பொரித்துப் பிரட்டுகிறார்கள். அந்த நாள்களில் மதியத்துக்கு 5 லிட்டர். செவ்வாயும் வியாழனும் கூட்டும் பொரியலும், 3 லிட்டர். வாரத்துக்கு 21 லிட்டர், சராசரி நாளுக்கு 4.2 லிட்டர். 120 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 35 மில்லி, அதாவது 32 கிராம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் கமிட்டியிடம் பேச வேண்டும். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரித் தட்டுக்கு நாள் முழுவதற்கும் சொல்லியிருக்கும் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். நம் கேண்டீன் மதியம் ஒரு வேளையிலேயே அதைத் தாண்டுகிறது. இதைப் படித்த பிறகு "ருசிதான் முக்கியம்" என்று யாரும் எளிதாக மழுப்ப முடியாது.

3. மாஸ்டரிடம் பேசாமல் ஒரு வரி எழுதாதீர்கள்

இந்த மாதிரி மனுக்கள் கவிழ்வது செலவால் என்று நினைக்கிறோம். அதைவிட அதிகமாகக் கவிழ்ப்பது நறுக்கும் வேலை. திருவையாற்றுப் பக்கமிருந்து வாழைத்தண்டு மலிவாக வருகிறதே, வாரம் இரண்டு நாள் போடலாமே என்று எழுதுவது சுலபம். 120 பேருக்குத் தண்டை வில்லை போட்டு, விரலில் நார் சுற்றி எடுத்து, கறுக்காமல் மோரில் போட்டு வைப்பது யார்? வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகக் கள்ளன் எடுப்பது யார்? கீரையை மண் போக அலசுவது யார்? கேண்டீனில் நறுக்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். முதல் வாரம் போடுவார்கள், மூன்றாம் வாரம் "தண்டு நல்லதா வரல சார்" என்பார்கள். அதில் அவர்கள் மேல் தப்பில்லை.

பருப்பு உசிலி இன்னொரு பொறி. பீன்ஸும் பருப்பும் சேர்ந்தது, நாரும் புரதமும் நிறைந்தது, காகிதத்தில் அருமை. ஆனால் அரைத்த பருப்பை வேகவைக்காமல் நேராக வாணலியில் போட்டு உதிர்த்தால் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து உதிர்த்தால்தான் குறையும். பெரிய கேண்டீனில் அதற்கு நேரம் கிடைப்பது கடினம்.

ஆகவே மாஸ்டரிடம் கேட்க வேண்டியது, "எதைச் செய்தால் நறுக்குவது குறையும்?" என்றுதான். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அண்ணே, காரக்குழம்புத் தாளிப்புக்கு எவ்வளவு எண்ணெய் எடுப்பீங்க?"

"கண் அளவுதாங்க சார். நாலு கரண்டி, அஞ்சு கரண்டி."

"அந்தக் கரண்டியில எவ்வளவு பிடிக்கும்?"

அங்கேயே அந்தக் குழிக்கரண்டியில் தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் கவிழ்த்துப் பாருங்கள். 50 மில்லி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் கரண்டி 80, 90 காட்டுவது அதிசயமில்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்லாமலே விஷயம் விளங்கிவிடும்.

குழம்பில் எண்ணெய் மிதந்தால்தான் கைப்பக்குவம் என்று நினைக்கும் மாஸ்டர்கள் உண்டு. சாப்பிடுகிறவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். அதோடு சண்டை போட வேண்டாம். வத்தக்குழம்பு வைக்கும் நாளை அப்படியே விட்டுவிட்டு, ரோஸ்ட் நாள்களைக் குறைத்தாலே பெரிய அளவு இறங்கிவிடும்.

4. மாற்றத்தைக் கிழமையோடு எழுதுங்கள்

நம் கணக்கில் ஒரு ரோஸ்ட்டை எடுத்தால் 2 லிட்டர் மிச்சம். அந்த இடத்தில் சுண்டல் வந்தால் தாளிப்புக்குக் கால் லிட்டர் போதும். நறுக்கும் வேலை கிட்டத்தட்ட இல்லை. எனவே வெள்ளிக்கிழமை ரோஸ்ட் அப்படியே இருக்கட்டும், திங்களும் புதனும் சுண்டலாகட்டும் என்று கேட்கலாம். மூன்று நாள் ரோஸ்ட்டையும் நிறுத்தச் சொன்னால் கேண்டீனே இரண்டு கட்சியாகும்.

திங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொண்டைக்கடலை 8 மணி நேரமாவது ஊற வேண்டும். ஞாயிறு இரவு கேண்டீன் பூட்டிக் கிடக்கும், ஊறப்போட ஆள் கிடையாது. இதை யோசிக்காமல் எழுதினால் முதல் திங்களே வேகாத கடலை வரும், அதோடு திட்டம் கேலிப்பொருளாகிவிடும். திங்களுக்குப் பச்சைப்பயறு எழுதுங்கள். முழுப் பயறு இரவெல்லாம் ஊற வேண்டியதில்லை, காலையில் வந்து கழுவிக் குக்கரில் போட்டாலே வெந்துவிடும். அதில் நார் 100 கிராமுக்கு 17 கிராம், தலைக்கு 30 கிராம் போட்டால் 5 கிராம் வரும். புதனுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை. செவ்வாய் மாலை கேண்டீன் பூட்டுகிறவர் ஊறப்போட வேண்டும். யார் என்பதைப் பெயரோடு கமிட்டி குறித்துக்கொள்ளட்டும்.

120 பேருக்குக் கடலை 3.6 கிலோ. ஊறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பாத்திரமும் தண்ணீரும் அதற்குத் தக்கபடி வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், வாயுத் தொந்தரவு கொஞ்சம் குறையும். பெருங்காயம் நம் வழக்கப்படி இருக்கவே இருக்கிறது. வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையை விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள், நடுவில் மணல்போல நெரிந்தால் இன்னும் வேக வேண்டும். எத்தனை விசில் விட்டாலும் வேகாத கடலை பழைய சரக்கு. அதற்குச் சோடா மாவு போடுவதை விடக் கடையை மாற்றுவது நல்லது. தேங்காயைப் பரிமாறும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். 11 மணிக்கே கலந்துவிட்டால் சித்திரை வெயிலில் இரண்டாவது பந்திக்குள் ஊசிப்போன வாடை வந்துவிடும். தேங்காயிலும் கொழுப்பு உண்டு, ஒரு சுண்டலுக்கு 2 காய் போதும்.

இதன்படி வார எண்ணெய்: வெள்ளி 5, செவ்வாயும் வியாழனும் 3 வீதம், சுண்டல் நாள்கள் 3.25 வீதம், மொத்தம் 17.5 லிட்டர். இன்னும் 2.5 லிட்டரை இறக்க இரண்டே வழி. ஒன்று, அந்தந்த நாள் எண்ணெயைக் காலையிலேயே அளந்து கொடுத்துவிட்டு, டின்னை ஸ்டோரில் பூட்டி வைப்பது. டின் அடுப்புப் பக்கத்தில் இருக்கும்வரை எந்தத் தீர்மானமும் நிற்காது. மற்றொன்று, பொரித்த அப்பளம் வாரத்தில் இரண்டு நாளோடு நிற்பது. சுட்ட அப்பளம் போடலாமே என்பார்கள். 120 அப்பளத்தை ஒவ்வொன்றாகச் சுட ஓர் ஆள் அடுப்பிலேயே நிற்க வேண்டும், அதெல்லாம் வீட்டுக்குச் சரி.

இலக்கு வாரத்துக்கு 15 லிட்டர். தலைக்கு 25 மில்லி, அதாவது 23 கிராம். இதுவும் குறைவான அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் முறையே 15 மில்லி கேட்டால் சமையல் மாறிவிட்டது என்று நாலாம் நாளே கூச்சல் வரும்.

5. பணம் யாருடையது என்று தெரிந்துகொண்டு செலவுக் கணக்கைப் போடுங்கள்

கேண்டீன் காண்டிராக்ட் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பேசியதா, அல்லது செலவை அலுவலகம் ஏற்று மானியத்தில் நடத்துவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகையில் எண்ணெய் மிச்சம் முழுக்கக் காண்டிராக்டர் கைக்குப் போகும். அந்தப் பணம் பயறாகவும் காயாகவும் தட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மனுவிலேயே எழுதாவிட்டால், எண்ணெய் குறையும், தட்டும் காலியாகும்.

எடுத்துக்காட்டு விலையில்: எண்ணெய் 6 லிட்டர் மிச்சம், லிட்டர் 130 ரூபாய் வீதம் 780. இரண்டு ரோஸ்ட்டுக்கான கிழங்கு 12 கிலோ வீதம் 24 கிலோ, கிலோ 30 என்றால் 720. ஆக 1500 ரூபாய். இதில் இரண்டு சுண்டலுக்குப் பயறு, தேங்காய், தாளிப்புச் சாமான் சேர்த்து 768. மீதி 732. செவ்வாய், வியாழன் கூட்டில் தலைக்கு 50 கிராம் காய் கூட்டினால் நாளுக்கு 6 கிலோ, கிலோ 40 வீதம் இரண்டு நாளைக்கு 480. அவரையோ பீன்ஸோ போட்டால் அந்த 50 கிராமில் இன்னும் 2 கிராம் நார் சேரும். இதற்குப் பிறகும் வாரம் 252 ரூபாய் கையில் நிற்கிறது. காய் விலை ஏறும் ஐப்பசி மழைக்காலத்துக்கு அது தாங்கும். "சாப்பாட்டு விலை ஏறாது" என்ற வரியை இந்தக் கணக்குதான் எழுத வைக்கும்.

6. மனு

ஒரு பக்கம். கணக்குகள் பின்னிணைப்பாக இன்னொரு பக்கம். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். மாதிரி:

> அனுப்புநர்: (பெயர், பிரிவு)
>
> பெறுநர்: செயலாளர், கேண்டீன் கமிட்டி
>
> பொருள்: மதிய உணவில் எண்ணெய் அளவைக் குறைத்து, பயறு மற்றும் காய் அளவைக் கூட்ட 4 வாரச் சோதனைக்கு அனுமதி கோருதல் – தொடர்பாக.
>
> ஐயா / அம்மா,
>
> வணக்கம். நம் கேண்டீனில் மதிய உணவுக்கு வாரம் 21 லிட்டர் எண்ணெய், அதாவது ஒருவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லி செலவாகிறது. கமிட்டி உறுப்பினர் முன்னிலையில் ஒரு வாரம் அளந்த விவரம் பின்னிணைப்பில் உள்ளது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 2000 கலோரி உணவுக்கு நாள் முழுவதற்கும் 27 கிராம் எண்ணெய் என்கிறது.
>
> கீழ்க்கண்ட மாற்றங்களை 4 வாரம் சோதித்துப் பார்க்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> திங்கள்: ரோஸ்ட்டுக்குப் பதில் பச்சைப்பயறு சுண்டல். புதன்: ரோஸ்ட்டுக்குப் பதில் கொண்டைக்கடலை சுண்டல். வெள்ளி: மாற்றமில்லை. செவ்வாய், வியாழன்: கூட்டில் தலைக்கு 50 கிராம் கூடுதல் காய். பொரித்த அப்பளம் வாரம் 2 நாள். மதிய எண்ணெய் தினமும் காலையில் ஸ்டோரிலிருந்து அளந்து வழங்கப்பட வேண்டும். வாரத்துக்கு 15 லிட்டருக்கு மிகாமல்.
>
> சாப்பாட்டு விலையில் மாற்றமில்லை. எண்ணெயிலும் கிழங்கிலும் மிச்சமாகும் தொகை பயறுக்கும் காய்க்கும் செலவிடப்படும். சோறு, சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றில் மாற்றம் கோரவில்லை. கேண்டீன் மாஸ்டருடன் கலந்து பேசியே இவை முன்வைக்கப்படுகின்றன.
>
> அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,

"மாற்றம் கோரவில்லை" என்ற அந்த வாக்கியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். கூட்டத்தில் முதலில் எழும் பயம் "சோத்துல கை வைக்கிறாங்களா?" என்பதுதான்.

கையெழுத்து நிறைய வாங்க அலைய வேண்டியதில்லை. ரோஸ்ட் பிரியர் என்று பெயர் வாங்கிய ஒருவர், கொஞ்சம் மூத்தவர் ஒருவர், பெண் ஊழியர்களில் ஒருவர், மூன்று பேர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். அசல் செயலாளருக்கு, நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து உங்களுக்கு.

7. சோதனைக் காலத்தில் எதைப் பார்ப்பது

எது வெற்றி என்பதை அனுமதி வாங்கும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும். நான்கு வாரம் கழித்துப் பேசினால் அவரவர் ருசியைத்தான் பேசுவார்கள். மூன்று விஷயம் போதும்: வார எண்ணெய் லிட்டர், மதியச் சாப்பாட்டு டோக்கன் எண்ணிக்கை, கை கழுவும் இடத்து வாளியில் விழும் மிச்சத்தின் எடை. வாளியைத் தினமும் அதே தராசில் நிறுத்து எழுதுங்கள். சுண்டல் நாளில் டோக்கன் விழுந்தால் ஆட்கள் வெளியே மெஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். டோக்கன் அப்படியே இருந்து வாளி மட்டும் கனத்தால் சுண்டல் வேகவில்லை, அல்லது உப்பு உறைக்கிறது. எண்ணெய் குறைந்ததை ஈடுகட்ட உப்பையும் காரத்தையும் கூட்டும் கை பல மாஸ்டர்களுக்கு உண்டு, அதையும் கவனியுங்கள்.

முதல் வாரத்தில் வயிறு உப்புசம் என்று சிலர் சொல்வார்கள். பயறு பழக்கமில்லாத வயிற்றுக்கு அது வரும். முதல் வாரம் 30 கிராமுக்குப் பதில் 20 கிராமில் தொடங்கி ஏற்றினால் புகார் குறையும். சிறுநீரகப் பிரச்சினைக்காக மருத்துவர் பயறைக் குறைக்கச் சொன்னவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு அந்த நாளில் வேறு பொரியல் கொஞ்சம் தனியே இருக்க வேண்டும்.

தொடங்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை நடுவில் வரும் 4 வாரத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. புரட்டாசியில் தொடங்குவது சுலபம் என்று தோன்றும். வெளியே அசைவம் சாப்பிடுகிறவர்களும் அந்த மாதம் கேண்டீன் சைவத்துக்கு வருவதால் டோக்கன் தானாகவே கூடும், பிறகு ஐப்பசியில் விழுந்ததும் பழி சுண்டல் மேல் வரும். ஆடியும் ஆவணியும் பரவாயில்லை.

கமிட்டி "பார்க்கலாம்" என்று சொன்னால் அதை மினிட்ஸில் என்ன வார்த்தையில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 4 வாரம் தர மனமில்லை என்றால், புதன் ஒரு நாளை மட்டும் கேளுங்கள், கூடவே எண்ணெயை அளந்து கொடுக்கும் ஏற்பாட்டையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் அளவை வாங்கிக்கொள்ளுங்கள். சுண்டலை அடுத்த கூட்டத்தில் கேட்கலாம், அப்போது உங்கள் கையில் இன்னும் ஒரு மாதக் கணக்கு இருக்கும்.